பதினாறு நாள் கணக்கு

அன்புள்ள கண்ணம்மா,

உதவித்தொகை ரத்தை எதிர்த்து நீ எழுதி அனுப்பிய மேல்முறையீட்டைப் படித்தேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைக் கோப்புகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தச் சொல்லை வைத்துக் குழுவால் எதையும் முடிவுசெய்ய முடியாது. அவர்களுக்கு நாள் கணக்கு வேண்டும்.

முதலில் துறையில் உன் வருகைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கு. 90 வேலை நாளில் 61 நாள் வந்ததாக, 67.8 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். கல்லூரி சார்பில் நீ போட்டிக்குப் போன 3 நாளுக்கு ஓ.டி. ஏறவில்லை. துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி அதைச் சரிசெய்தால் 64 நாள், 71.1 சதவீதம். அப்போதும் உதவித்தொகைக்குத் தேவையான 75 சதவீதம் வராது.

இனி உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆகஸ்ட் 4 முதல் 24 வரை என்று இருக்கிறது. கல்லூரி நாட்காட்டியில் விடுமுறைகளைக் கழித்தால் 16 வேலை நாள். அந்த 16ஐ விலக்கிவிட்டுப் பார், மீதி 74 நாளில் நீ 64 நாள் வந்திருக்கிறாய். 86.5 சதவீதம்! மேல்முறையீட்டின் முதல் பத்தியில் இந்தக் கணக்குதான் வர வேண்டும்.

ஆனால் அந்தச் சம்மரி அப்பா படுத்திருந்தார் என்பதற்குத்தான் சான்று. உடனிருந்தது நீதான் என்று அது சொல்லாது. பலருடைய மனு அடிபடுவது இந்த இடத்தில்தான். உன் பெயரில் கொடுத்த அட்டெண்டர் பாஸ், இல்லாவிட்டால் வார்டு மருத்துவரின் கடிதம் வேண்டும். உன் அம்மா ஏன் இருக்கவில்லை என்று கேட்பார்கள். அந்த மாதம் அவள் தையல் கம்பெனிக்குப் போனதற்கான சம்பளச் சீட்டை வை. இரவில் சித்தப்பா இருந்ததையும் எழுது, மறைக்காதே. உறவுக்கு ரேஷன் கார்டு நகல் போதும்.

மீதி 10 நாள் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தாய், மருந்துச் சீட்டு இல்லை. அதற்கு இப்போது யாரிடமாவது பழைய தேதி போட்டு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கலாம் என்று தோழி சொன்னாளாமே. கூடவே கூடாது, கண்ணம்மா. ஆஸ்பத்திரியின் புறநோயாளி பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். உண்மையான 16 நாளும் அதோடு போய்விடும். அந்தப் பத்து நாளையும் வராத நாளாகவே வைத்துத்தான் 86.5 வந்தது. ‘சான்று இல்லை’ என்று நேராகவே எழுதிவிடு.

இன்னொன்று. தேர்வெழுத கண்டோனேஷன் கட்டிவிட்டாய் என்பதால் உதவித்தொகை தானாகத் திரும்பாது. அது வேறு, இது வேறு. ரத்துக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, முதல்வர் வழியாக அறக்கட்டளைக்கு எழுது. அலுவலக முத்திரையும் தேதியும் போட்ட ஒரு நகல் உன் கையில் இருக்கட்டும். திருத்திய வரைவை வியாழனுக்குள் எனக்கு அனுப்பு, படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா