கேட்ட போர்ட்டுக்கு மட்டும் படம்: குலசையில் வேலை தொடங்கும் பிள்ளைகளுக்கு

தசராவுக்கு முன்னால் குலசேகரன்பட்டினத்திலும் திருச்செந்தூர் சாலையிலும் இருக்கிற லாட்ஜ்காரர்கள் டிவி வேலைக்கு ஆள் தேடுவார்கள். முன்பு மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து அறை அறையாகக் கோஆக்சியல் ஒயர் இழுத்தோம். இன்று அதே வேலை கேட்-6 ஒயரிலும் நெட்வொர்க் ஸ்விட்ச்சிலும் நடக்கிறது. ஒயர் இழுக்க உங்களுக்குச் சொல்லித்தர ஆள் உண்டு. படம் ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது என்பதை விளக்கத்தான் ஆள் குறைவு. அதனால் எழுதுகிறேன்.

1. எத்தனை எம்.பி.பி.எஸ். ஓடுகிறது என்று முதலில் தாளில் எழுதுங்கள்.

நாற்பது அறை உள்ள ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். மாடியில் டிஷ். அதன் கீழே, செயற்கைக்கோள் சேனல்களை நெட்வொர்க் பாக்கெட்டாக மாற்றித் தருகிற கேட்வே. 24 எஸ்.டி. சேனல், ஒவ்வொன்றும் சுமார் 2.5 எம்.பி.பி.எஸ்.; ஆக 60. லாட்ஜ் நன்றாக ஓடியது, யாரும் குறை சொல்லவில்லை. பிறகு முதலாளி 10 ஹெச்.டி. சேனல் சேர்க்கச் சொல்கிறார். ஒன்றுக்கு 8 வீதம் 80. மொத்தம் 140. அன்று மாலையே எல்லா அறையிலும் படம் உடைகிறது. ஹெச்.டி.யில் மட்டுமல்ல, நேற்றுவரை தெளிவாக இருந்த எஸ்.டி. சேனலிலும் உடைகிறது.

எல்லாரும் புதுப் பெட்டியைக் குறை சொல்வார்கள், சிலர் ஒயரை மாற்றுவார்கள். காரணம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அறையில் இருக்கிற செட்டாப் பாக்ஸின் போர்ட் பெரும்பாலும் 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்ச் 140-ஐயும் அந்தப் போர்ட்டில் தள்ளப் பார்த்தால், நாலில் ஒரு பங்குக்கு மேல் கீழே விழுந்தே ஆகும். எந்தச் சேனலின் பாக்கெட் விழ வேண்டும் என்று ஸ்விட்ச் பார்ப்பதில்லை. அறையில் பார்க்கிற ஒரே சேனலுக்கு 2.5 போதும் என்றாலும் அதுவும் சேர்ந்து விழும்.

60 ஓடியபோதும் இதே தப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. போர்ட் தாங்கியதால் வெளியே தெரியவில்லை.

2. ஸ்விட்ச் ஏன் வாரியிறைக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஸ்விட்ச் தன்னிடம் வரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து, இவர் இந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பிறகு அவருக்கு வருவதை அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. கேட்வே சேனல்களை அனுப்புவதோ மல்ட்டிகாஸ்ட் முகவரிக்கு; அது ஒரு குழுவின் முகவரி. அந்த முகவரியிலிருந்து யாரும் எதையும் அனுப்புவதில்லை, அதற்கு அனுப்ப மட்டுமே முடியும். ஆகவே அது அட்டவணையில் ஏறவே ஏறாது. அட்டவணையில் இல்லாததை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பு என்பது ஸ்விட்ச்சின் அடிப்படை விதி. பழுது ஒன்றுமில்லை, விதிப்படிதான் இந்த வெள்ளம் ஓடுகிறது.

மல்ட்டிகாஸ்ட்டை விட்டுவிடலாமே என்று கேட்காதீர்கள். விஜயதசமி நள்ளிரவில் கடற்கரைச் சூரசம்ஹாரத்தை நாற்பது அறையும் ஒரே ஹெச்.டி. சேனலில் பார்த்தால், தனித்தனியாக அனுப்ப 320 எம்.பி.பி.எஸ். வேண்டும். மல்ட்டிகாஸ்ட்டில் கேட்வே 8 மட்டும் அனுப்பும், பிரிகிற இடத்தில் ஸ்விட்ச் நகல் எடுத்துக்கொள்ளும்.

வேண்டியது ஒன்றே. தாமிரபரணிப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி, கேட்ட வயலுக்கு மட்டும் மடை திறப்பதுபோல, கேட்ட போர்ட்டை மட்டும் ஸ்விட்ச் திறக்க வேண்டும். அறையில் சேனல் மாற்றும்போது பெட்டி 'இந்தக் குழுவில் என்னைச் சேர்' என்று ஒரு ஐ.ஜி.எம்.பி. செய்தி அனுப்புகிறது. அது உண்மையில் ரூட்டருக்குப் போகிற செய்தி. போகிற வழியில் ஸ்விட்ச் அதை ஒட்டுக்கேட்டு, எந்தப் போர்ட் எந்தக் குழுவைக் கேட்டது என்று குறித்துக்கொண்டால், அதற்குப் பெயர் ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங். விலை குறைந்த சாதாரண ஸ்விட்ச் பலவற்றில் இது கிடையாது. முதலாளியிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. வெள்ளம் ஓடுகிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள்.

ஸ்விட்ச்சில் சும்மா கிடக்கும் ஒரு போர்ட்டில் லேப்டாப்பைச் செருகுங்கள். எந்த வீடியோவும் திறக்க வேண்டாம். இதை ஓட்டுங்கள், உங்கள் கார்டின் பெயர் வேறாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
sudo tcpdump -ni eth0 'udp and dst net 239.0.0.0/8'
```

நீங்கள் எதையும் கேட்கவில்லை. ஆகவே எந்தச் சேனலும் வரக்கூடாது. திரை நிற்காமல் ஓடினால் வெள்ளம் உறுதி. டிவியை அணைத்த அறையின் போர்ட் விளக்கும் விடாமல் துடிக்கும்.

வைஃபை மந்தம் என்று புகார் வந்தாலும் இதே சோதனையைச் செய்யுங்கள். அக்சஸ் பாயின்ட்டுக்குப் போகும் மல்ட்டிகாஸ்ட்டை அது வழக்கமாக மிகக் குறைந்த வேகத்தில், எல்லா போனுக்கும் எட்டும்படி ஒலிபரப்பும். 140 எம்.பி.பி.எஸ். வந்து குவிந்தால் காற்றில் வேறு எதற்கும் நேரம் கிடைக்காது. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

4. சின்ன இழப்பைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

வீடியோ 188 பைட் துண்டுகளாக வருகிறது. ஏழு துண்டு சேர்ந்து 1,316 பைட், அது ஒரு பாக்கெட். 8 எம்.பி.பி.எஸ். சேனலுக்கு விநாடிக்கு சுமார் 760 பாக்கெட். ஆயிரத்தில் ஒன்று தொலைந்தாலே ஒன்றேகால் விநாடிக்கு ஒரு முறை படத்தில் ஓட்டை விழும். வெப்சைட் திறக்கும்போது தொலைந்த பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கலாம். இங்கே யு.டி.பி.யில் அப்படிக் கேட்பதில்லை, போனது போனதுதான். அடுத்த முழுப் படச்சட்டம் வரும்வரை கட்டங்கள் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

5. ஸ்னூப்பிங்கை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்; கேள்வி கேட்கும் ஆள் வேண்டும்.

நான் பார்த்தவரை புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்னூப்பிங் போட்டவுடன் படம் கண்ணாடிபோல வரும். காசு வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பதற்குள் முதல் அறையில் படம் நின்றுபோகும். சேனலை மாற்றினால் வரும், சில நிமிஷத்தில் மறுபடி நிற்கும்.

குழுவில் சேர்ந்த பெட்டி தானாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காது. 'யார் யார் இன்னும் பார்க்கிறீர்கள்' என்று ஒருவர் கேட்டால்தான் பதில் சொல்லும். அப்படிக் கேட்பவருக்குக் குவெரியர் என்று பெயர். வழக்கமாக அது மல்ட்டிகாஸ்ட் ரூட்டரின் வேலை. லாட்ஜில் அப்படிப்பட்ட ரூட்டர் பெரும்பாலும் இருக்காது. நெறிமுறையின் இயல்பான கணக்கு இது: 125 விநாடிக்கு ஒரு கேள்வி, பதில் சொல்ல 10 விநாடி, இரண்டு கேள்விக்குப் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு. இரண்டு 125, ஒரு 10, ஆக 260 விநாடி. குவெரியர் இல்லாத நெட்வொர்க்கில் படம் நாலு நிமிஷம் இருபது விநாடி அளவில் நிற்பது அதனால்தான். சில ஸ்விட்ச்சில் இந்த எண்ணை மாற்றி வைத்திருப்பார்கள், நேரம் கூடலாம் குறையலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே கால இடைவெளியில் நின்றால் ஒயரைத் தொடாதீர்கள். குவெரியரைத் தேடுங்கள்:

```
sudo tcpdump -vni eth0 igmp
```

இரண்டு மூன்று நிமிஷம் காத்திருங்கள். `igmp query` என்ற வரி ஒன்றுகூட வராவிட்டால் கேட்க ஆளில்லை.

மருந்து எளிது. ஸ்விட்ச் மெனுவில் `IGMP Querier` என்று இருக்கும், அதை இயக்கி, டிவி ஓடும் வி-லேனில் அதற்கு ஒரு ஐ.பி. முகவரி கொடுங்கள். முகவரி கொடுக்காவிட்டால் சில ஸ்விட்ச்சுகள் 0.0.0.0 என்ற பெயரில் கேட்கும், அதற்குப் பதில் சொல்லாத பெட்டிகள் உண்டு. இரண்டு பேர் கேட்டால் சிறிய முகவரி உள்ளவரே குவெரியர் ஆவார், மற்றவர் ஒதுங்குவார். கேட்வே செருகியிருக்கிற ஸ்விட்ச்சிலேயே குவெரியரை வையுங்கள். மாடி ஒவ்வொன்றிலும் இருக்கிற ஸ்விட்ச்சுகள், குவெரியர் இருக்கும் திசைக்கு எல்லாச் சேனலையும் அனுப்பும். குவெரியர் தள்ளி மூன்றாம் மாடியில் இருந்தால் 140-ம் அந்த ஒயரில் வீணாக ஏறும்.

6. யாரும் பார்க்காத சேனல் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

ஸ்னூப்பிங்கும் உண்டு, குவெரியரும் உண்டு, ஆனாலும் வெள்ளம் ஓடுகிறது என்று ஒரு நாள் பார்ப்பீர்கள். 34 சேனலில் 12-ஐத்தான் பார்க்கிறார்கள் என்றால் மீதி 22-க்குச் சேர்ந்தவர் யாருமில்லை. யாரும் சேராத குழுவைப் பல ஸ்விட்ச்சுகள் இயல்பாகவே எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். மெனுவில் `Unregistered Multicast` அல்லது `Unknown Multicast` என்று இருக்கும், அதைக் கைவிடும்படி மாற்றுங்கள்.

குழு முகவரியையும் பார்த்து வையுங்கள். 224.0.0 என்று தொடங்குபவை நெட்வொர்க்கின் சொந்த வேலைக்கு ஒதுக்கியவை, ஸ்விட்ச் அவற்றை எப்போதும் எல்லாருக்கும் அனுப்பும், அனுப்பவும் வேண்டும். ஐ.பி. முகவரியின் கடைசி 23 பிட் மட்டுமே மேக் முகவரிக்குள் போகிறது. அதனால் 239.0.0.1-உம் 239.128.0.1-உம் மேக் அளவில் 224.0.0.1-ஆகவே தெரியும். மேக் முகவரியைப் பார்த்துப் பிரிக்கிற ஸ்விட்ச்சில் அந்தச் சேனலை எந்த அமைப்பாலும் அடக்க முடியாது. 239.10.1.1, 239.10.1.2 என்று வரிசையாகக் கொடுங்கள், தொல்லையில்லை.

7. ஃபாஸ்ட் லீவை அறை பார்த்துப் போடுங்கள்.

சேனல் மாறும்போது பழையதை நிறுத்துமுன், வேறு யாராவது பார்க்கிறார்களா என்று குவெரியர் கேட்டு ஓரிரு விநாடி காத்திருக்கும். ஃபாஸ்ட் லீவ் அந்தக் காத்திருப்பை எடுத்துவிடும். போர்ட்டுக்கு ஒரே பெட்டி என்றால் நல்லது. குடும்ப அறையில் சின்ன ஸ்விட்ச் வைத்து இரண்டு டிவி போட்டிருந்தால், ஒருவர் சேனல் மாற்றியதும் அதே சேனலைப் பார்த்த மற்றவருக்கும் படம் போய்விடும். அங்கே போடாதீர்கள்.

8. வேலை முடிந்ததும் பத்து நிமிஷம் உட்காருங்கள்.

ஒரு அறையில் ஒரே சேனலை வைத்துவிட்டு ரிமோட்டைத் தொடாமல் பாருங்கள். 260 விநாடி இரண்டு முறை கடந்தும் படம் நிற்காமல், சும்மா இருக்கிற போர்ட்டில் லேப்டாப் வெறுமையாக இருந்தால் வேலை முடிந்தது. குவெரியரின் முகவரியை ஒரு சீட்டில் எழுதி ஸ்விட்ச்சின் மேலேயே ஒட்டிவிடுங்கள். தசரா நடுவில் கரண்ட் போய் வந்து இன்னொருவர் வந்து பார்க்க நேர்ந்தால், அவர் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.