முடிவு நாளுக்கு முந்தைய மாலை

கேள்வி: தேர்தல் முடிவு, பட்ஜெட் போன்ற நாட்களுக்கு முன் 'எல்லோரும் வாங்குகிறார்கள், நாம் மட்டும் விட்டுவிடுகிறோமோ' என்ற பதற்றத்தில் ஆப்ஷன் வாங்குபவர், அதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பதில்: மக்களவைத் தேர்தல் முடிவுக்கு முந்தைய நாளான 2024 ஜூன் 3-ஐ நினைத்துப் பார்க்கலாம். கருத்துக்கணிப்புகளின் உற்சாகத்தில் நிஃப்டி ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறி, 23,263-ல் முடிந்தது. அன்று மாலை பலர் கால் ஆப்ஷன் வாங்கத் துடித்தார்கள். மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் நிஃப்டி 1,379 புள்ளிகள் சரிந்தது.

அந்த மாலையில் ஒருவர் தாளில் எழுத வேண்டிய முதல் கேள்வி: கருத்துக்கணிப்புக்கு முன்பே இதை வாங்கத் திட்டமிட்டிருந்தேனா? இல்லையென்றால், வாங்கச் சொல்வது இன்றைய ஏற்றம்தான்.

அடுத்தது விலை. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே ஸ்ட்ரைக்கின் கால் 400, புட் 350 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 750. ஏறக்குறைய அவ்வளவு அசைவைச் சந்தை ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டது. அந்தக் கால் ஆப்ஷனை மட்டும் வாங்கி எக்ஸ்பைரி வரை வைத்திருப்பவருக்கு, நிஃப்டி ஸ்ட்ரைக்குக்கு மேல் 400 புள்ளிகள் ஏறினால்தான் அசல் திரும்பும்.

நிகழ்வு முடிந்ததும் பிரீமியம் வற்றும். ஜூன் 5-ல் நிஃப்டி 735 புள்ளிகள் மீண்டது. ஏற்ற இறக்க அச்சத்தை அளக்கும் இந்தியா விக்ஸ் கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. முந்தைய நாள் பீதியில் புட் வாங்கியவருக்கு இரண்டு பக்கமும் அடி.

கடைசி வரி ரூபாயில் இருக்கட்டும். அன்றைய லாட் 25. 400 ரூபாய் பிரீமியம் என்றால் 10,000. அது முழுதும் போனாலும் அடுத்த மாதச் செலவு இடிக்காது என்று எழுத முடியாதவர், ஆர்டர் திரையை மூடிவிடலாம்.