நடுவில் இருக்கும் உங்களை அழியுங்கள்

கேள்வி: ஆமத்தூரில் பட்டாசுக்கான அட்டை டப்பா செய்து கொடுக்கிறேன். அச்சடித்த அட்டையை டை போட்டு வெட்டி, ஒட்டித் தருவது என் வேலை. தீபாவளி முடிந்துவிட்டால் மெஷின் சும்மா கிடக்கிறது. வேறு தொழில்களில் ஆர்டர் பிடிக்கலாமென்றால் யாரையும் தெரியவில்லை. இத்தனைக்கும் போனில் 600 நம்பர் இருக்கிறது. தெரிந்தவர்களையெல்லாம் தாளில் வரைந்து பார்க்கச் சொன்னார்கள். நடுவில் நான், சுற்றிலும் 32 பெயர். சூரியன் படம் போலத்தான் இருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.
– வாசகர், ஆமத்தூர்

பதில்: படம் சூரியனாக வந்ததற்குக் காரணம், நடுவில் நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான். எல்லாக் கோடும் உங்களிடம் வந்து முடிந்தால் யாருக்கு யாரோடு தொடர்பு என்பது தெரியாது. முதலில் உங்களை அழித்துவிடுங்கள். பிறகு, நீங்கள் இல்லாமலே ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசிக்கொள்வார்கள் என்று உறுதியாகத் தெரிந்த இருவருக்கு இடையில் மட்டும் கோடு போடுங்கள். ‘தெரிந்திருக்கும்’ என்ற ஊகத்துக்குக் கோடு கிடையாது.

பெயருக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்த குறிப்புகளை வைத்து நானே ஒருமுறை அப்படி வரைந்து பார்த்தேன். 19 பேர் பட்டாசுக்காரர்கள்: முதலாளிகள், போர்மேன்கள், ஏஜென்டுகள். இவர்களுக்குள் கோடுகள் வலை மாதிரி பின்னிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் 8 பேர். தனிக் கூட்டம் என்று நினைத்தேன். அவர்களில் ஐந்து பேருக்கும் பட்டாசில்தான் பிழைப்பு. ஆக, அந்த ஐவர் வழியாக 27 பேரும் ஒரே கூட்டம். ஒருவருக்குத் தெரிந்த சேதி மாலைக்குள் மற்றவருக்கும் தெரிந்துவிடும். அவர்களுக்கு ஓய்வென்றால் உங்களுக்கும் ஓய்வு. போனில் 600 நம்பர் இருந்தும் ஆள் தெரியாமல் போனது இதனால்தான்.

மீதி ஐந்து பேர் ஓரத்தில் நிற்கிறார்கள்: பாலிடெக்னிக் நண்பர்கள் மூவர், அட்டை வியாபாரி, லாரி ஷெட் கணக்கர். இவர்களில் யார் பாலம்? ஒரு பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்ததும் ஒரு கூட்டமே தொடர்பற்றுப் போனால் அவர்தான் பாலம். அட்டை வியாபாரிக்கு நீங்கள் ஒரே ஒரு கோடு போட்டிருந்தீர்கள். அவரிடம் அட்டை வாங்கும் மற்றவர்கள் உங்கள் தாளில் இல்லாததால் வந்த குறை அது. இப்படிப்பட்டவர்களிடமிருந்து தாளுக்கு வெளியே ஓர் அம்பு போட்டு, நுனியில் ‘யார்?’ என்று எழுதுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அந்த நுனிகளில்தான் இருக்கின்றன.

பெயர்களை நினைவிலிருந்து எழுதினால் அடிக்கடி பார்ப்பவர்களே முன்னால் வருவார்கள். பழைய பில் புத்தகத்தையும் வீட்டு மொய் நோட்டையும் எடுத்துப் புரட்டுங்கள். மொய் நோட்டில் ஊரும் பெயருக்கு முன்னால் இருக்கும். ஐந்தாண்டாகப் பேசாதவர்களும் அதில் கிடைப்பார்கள்.

அவர்களால் என்ன பயன் என்று கேட்பீர்கள். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது, அல்லது அரிதாகப் பார்ப்பவர் மூலமே வேலை கிடைத்திருந்தது. நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தள்ளியிருப்பவர்தான் புதுச் சேதி கொண்டுவருகிறார். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. சேதி தருவார், கடன் தரமாட்டார். தவணைக்குச் சரக்கு வேண்டுமென்றால் அந்த 27 பேரிடம்தான் போக வேண்டும். அவர்களை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மூன்று நண்பர்களில் ஒருவர் ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில், மருத்துவக் கட்டுத்துணி செய்யுமிடத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டுத்துணிக்குத் தீபாவளி கிடையாது. முதலில் அவரிடம் போங்கள். எடுத்ததும் ஆர்டர் கேட்காதீர்கள். எந்த அளவு டப்பா, மாதம் எவ்வளவு, இப்போது யார் தருகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். அட்டை வியாபாரியிடம் இன்னும் கவனம் வேண்டும். உங்களுக்குப் போட்டியாளரும் அவருக்கு வாடிக்கையாளரே. ‘ஆள் பிடித்துக் கொடுங்கள்’ என்றால் நழுவிவிடுவார். ‘உங்கள் பெயரைச் சொல்லிப் பார்க்கலாமா’ என்றால் மறுக்கமாட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் காராச்சேவு இரண்டும் பக்கத்திலேயே இருந்தும் உங்கள் தாளில் அந்தப் பக்கம் ஒரு கோடுகூட இல்லை. அதுதான் வெற்றிடம். அங்கே பாலம் இல்லாததால் நீங்களே நேரில் போய்த்தான் ஆக வேண்டும். பட்டாசுக்கு வாங்கும் சாம்பல் முதுகு அட்டை, தின்பண்டத்தைத் தொடும் டப்பாவுக்கு ஆகாது. வேறு அட்டையின் விலையை விசாரித்துக்கொண்டு போங்கள்.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவரை போனார்கள். நீங்கள் ராஜபாளையம் பஸ் ஏறினால் போதும். திரும்பி வந்ததும் தாளில் புதுப் பெயர்களைச் சேர்த்து, கோடுகளை மறுபடி போடுங்கள். ஓரத்தில் நிற்கும் ஐந்து பேர் பத்தானால், அடுத்த தீபாவளிக்குப் பிறகு மெஷின் ஓடும்.