மலைத் தோட்டத்தில் புதிய குழாய்: மண் மூடும் முன் அழுத்தச் சோதனை

நீலகிரியில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் மேட்டிலுள்ள ஊற்றிலிருந்தோ தொட்டியிலிருந்தோ பி.வி.சி. குழாய் மூலம் கீழ்ப் படிகளுக்குத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். குழாய் பதித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, கடைசி முனையில் நன்றாகக் கொட்டுவதைப் பார்த்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவது உண்டு. இதைச் சோதனை என்று சொல்ல முடியாது. முனை திறந்து தண்ணீர் ஓடும்போது குழாயினுள் அழுத்தம் குறைவாகவே இருக்கும். அடியிலுள்ள வால்வை மூடிய பிறகுதான் மேலே நிற்கும் தண்ணீரின் முழு அழுத்தமும் அடியில் வந்து சேரும். குழாய் வெடிப்பதும் இணைப்பு கழன்று வருவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

தண்ணீர் நிற்கும் உயரம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும், அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் உண்டாகும். குழாயின் நீளமோ பருமனோ இதில் கணக்கில்லை. செங்குத்தான உயரம் மட்டுமே கணக்கு. இதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் உள்ளது. 1932-ல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காரா திட்டத்தில், சிங்காரா மின் நிலையத்துக்குத் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்குகிறது. அதாவது அடியில் 90 கிலோவுக்கு மேல் அழுத்தம். இத்தகைய குழாய்களில் கீழே வர வர இரும்புத் தகட்டின் தடிப்பைக் கூட்டுவது இதனால்தான். நமது தோட்டக் குழாய்க்கும் அதே கணக்குத்தான், அளவு மட்டும் சிறியது.

ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேலே தொட்டி, அங்கிருந்து 300 மீட்டர் நீளத்துக்கு 75 மி.மீ. குழாய், தொட்டிக்கும் கடைசிப் படிக்கும் உள்ள உயர வித்தியாசம் 36 மீட்டர். உயரத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவலைக் கொண்டு படிப்படியாக அளந்து கூட்டினால் போதும். அடி வால்வு மூடியிருக்கும்போது அங்கே 3.6 கிலோ அழுத்தம் நிற்கும். நிரந்தரமாக நிற்கும் இந்த அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் சோதிப்பது வழக்கம். அதன்படி சோதனை அழுத்தம் 5.4 கிலோ.

"3.6 தானே வருகிறது, 4 கிலோ குழாய் போதாதா?" என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. விலை வித்தியாசம் அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால், அது குழாயினுள் சம்மட்டி போல் அடிக்கும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைக் கைப்பிடி வால்வைச் சட்டென்று திருப்பி நிறுத்தினால், இத்தகைய பி.வி.சி. குழாயில் சுமார் 3 கிலோ கூடுதல் அழுத்தம் ஒரு கணம் எழும். ஆகவே இந்தத் தோட்டத்தின் கீழ்ப் பகுதிக்கு 6 கிலோ குழாயே பொருத்தம். வால்வும் சக்கரத்தைச் சுற்றி மெதுவாக மூடும் கேட் வால்வாக இருக்கட்டும்.

மானி எங்கே இருக்கிறது?

சமவெளியில் குழாய் சோதித்துப் பழகிய மேஸ்திரி மலைக்கு வந்தால், இந்த இடத்தில்தான் தவறுகிறார். சமவெளியில் அழுத்தமானியை எந்த முனையில் மாட்டினாலும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். மலையில் அப்படியில்லை. நமது உதாரணத்தில் கைப்பம்பையும் மானியையும் வசதிக்காக மேலே தொட்டியருகில் வைத்து, மானி 5.4 காட்டும் வரை அடித்தால், அடியில் அதனுடன் 3.6 சேர்ந்து 9 கிலோ ஆகிவிடும். 6 கிலோ குழாய்க்கு இது தாங்காத பாரம். அன்றே வெடிக்காவிட்டாலும் பலவீனப்பட்ட இணைப்பு பின்னால் ஒரு நாள் விடும். பழி குழாய்க் கம்பெனியின் மேல் விழும்.

எனவே மானியும் பம்பும் தாழ்ந்த முனையிலேயே இருக்க வேண்டும். மேலேதான் வைக்க முடியும் என்ற நிலையிருந்தால், மேல் மானியில் 1.8 கிலோ வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அடியில் அது 5.4 ஆகியிருக்கும்.

சோதனைக்கு முன்

இணைப்புகளை ஒட்டிய சொல்யூஷன் நன்றாக இறுக வேண்டும். சமவெளி வெயிலில் ஒரு நாள் போதும் என்றால், ஊட்டிக் குளிரில் இரண்டு முழு நாட்கள் விடுவது நல்லது. குழாயின் உடல் பகுதியை மண்ணிட்டு மூடி, இணைப்புகளை மட்டும் திறந்து வைக்கவும். மண்ணின் கனம் குழாயை அசையாமல் பிடிக்கும், வெயிலும் தாக்காது. பி.வி.சி. சூட்டில் இளகும், உறைபனிக் குளிரில் நொறுங்கும் தன்மை பெறும். ஆகையால் டிசம்பர், ஜனவரி விடியற்காலையைத் தவிர்த்து, பனி விலகிய பின் மேகமூட்டமான நாளில் சோதிப்பது உத்தமம்.

வளைவுகளிலும் மூடிய முனையிலும் முட்டுக் கொடுக்காமல் பம்பைத் தொடக்கூடாது. 75 மி.மீ. குழாயின் மூடிய முனையை 5.4 கிலோ அழுத்தம் சுமார் 240 கிலோ பலத்துடன் வெளியே தள்ளும். ஏறக்குறைய ஐந்து 50 கிலோ மூட்டைகளின் பாரம் அது. கான்கிரீட் கட்டையோ, கெட்டி மண்ணில் சாய்த்த பலகையும் கல்லுமோ அதைத் தாங்க வேண்டும். சோதனை நடக்கும்போது முனைக்கு நேர் எதிரே யாரும் நிற்கலாகாது.

தண்ணீரை மேலிருந்து மெல்லிய ஓட்டமாக விட்டு நிரப்பவும். இந்தக் குழாய் நிறையச் சுமார் 1,150 லிட்டர் பிடிக்கும். அவசரப்பட்டால் காற்று உள்ளே சிக்கும். குழாய் நடுவில் மேடேறி இறங்கும் இடம் இருந்தால், அந்த உச்சியில் காற்றுப் போகச் சிறு குழாய்மூடி வைப்பது அவசியம். நிறைந்ததும் அடி மானியைப் பாருங்கள். அது 3.6 காட்ட வேண்டும். 3.2 அல்லது 3.3 காட்டினால், ஒன்று உயரத்தை அளந்ததில் பிழை, அல்லது எங்கோ காற்று நிற்கிறது. காற்று சுருங்கி விரியும் வில் போன்றது. குழாய் வெடித்தால் துண்டுகளைத் தூர வீசும். காற்றடிக்கும் கம்ப்ரஸரைக் கொண்டு குழாயைச் சோதிப்பது ஆபத்து என்பதும் இதனால்தான். நிரப்பிய குழாயை ஓர் இரவு அப்படியே விட்டுவிடவும்.

மறுநாள் மேல் முனையை நன்றாக அடைத்துவிட்டு, கைப்பம்பால் நிமிடத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏறாதபடி அழுத்தத்தை உயர்த்தவும். பம்பின் தொட்டியில் எத்தனை தண்ணீர் செலவாகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 3.6-லிருந்து 5.4-க்கு ஏற்ற இந்தக் குழாய்க்குச் சுமார் இரண்டு, மூன்று லிட்டர்தான் வேண்டும். பத்து லிட்டர் போன பிறகும் முள் ஏறாவிட்டால் காற்றோ கசிவோ இருக்கிறது. மேலும் அடிப்பதில் பயனில்லை.

எவ்வளவு நேரம், எவ்வளவு இழப்பு?

5.4 வந்ததும் பம்பை நிறுத்தினால் முள் சற்று இறங்கும். இதைக் கண்டு பதற வேண்டாம். பி.வி.சி. குழாய் அழுத்தத்தில் மெல்ல விரிந்து கொடுக்கும். முதல் ஒரு மணி நேரம் அவ்வப்போது அடித்து 5.4-க்குக் கொண்டுவந்துகொண்டே இருக்கவும். விரிவினால் வரும் இறக்கம் நேரம் செல்லச் செல்லக் குறையும். கசிவினால் வரும் இறக்கம் குறையாமல் தொடரும். இரண்டையும் பிரித்தறிய, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மானியின் அளவைத் தாளில் எழுதி வருவதே வழி.

அதன் பிறகுதான் உண்மையான கணக்குத் தொடங்குகிறது. நமது அளவுக் குழாய்க்கு நான்கு மணி நேரம் போதும். முடிவில் அழுத்தத்தை மீண்டும் 5.4-க்குக் கொண்டுவர எத்தனை தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தது என்று அளந்தால், அதுவே இழப்பு. இதற்கு வரம்பு உண்டு. குடிநீர்த் திட்டங்களுக்கான மத்திய அரசின் கையேட்டு விதிப்படி, குழாய் விட்டத்தின் ஒவ்வொரு மில்லி மீட்டருக்கும், ஒரு கிலோ மீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் உயர அழுத்தத்துக்கு, ஒரு நாளில் 0.1 லிட்டர் வரை போகலாம்.

நமது குழாய்க்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 75 மி.மீ.க்கு 7.5 லிட்டர். நீளம் 300 மீட்டர், அதாவது 0.3 கி.மீ. என்பதால் 2.25 லிட்டர். சோதனை அழுத்தம் 54 மீட்டர் உயரத்துக்குச் சமம். அது 30 மீட்டரைப் போல் 1.8 மடங்கு. ஆக ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர். நான்கு மணி நேரத்துக்கு 675 மில்லி. இதற்குள் அடங்கினால் விதிப்படி குழாய் தேறியது.

ஆனால் தோட்டக்காரர் இந்த வரம்போடு திருப்தி அடையலாகாது என்பது என் கருத்து. மணிக்கு 170 மில்லி என்பது விநாடிக்கு ஒரு சொட்டு. இந்தச் சலுகை பல கிலோ மீட்டர் நீளத்துக்கு ரப்பர் வளையம் போட்டு இணைத்த பெரிய குழாய்களை மனத்தில் வைத்து ஏற்பட்டது. சொல்யூஷன் வைத்து ஒட்டிய இணைப்பில் கண்ணுக்குத் தெரியும் சொட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது; மொத்த இழப்பு வரம்புக்குள் இருந்தாலும் அந்த இணைப்பை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். மேலே பூசி அடைப்பது நிற்காது. ஒரே இடத்தில் இரவு பகலாக ஊறும் தண்ணீர் படியின் வரப்பை உள்ளிருந்து இளக்கிவிடும். 1993, 2009 நவம்பர் மழைகளில் ஊறிய மலைச்சரிவு எப்படி இறங்கியது என்பதை இம்மாவட்ட மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இழப்பு அதிகமாகி, திறந்த இணைப்புகள் அனைத்தும் காய்ந்திருந்தால், கசிவு மண் மூடிய பகுதியில் இருக்கிறது என்று பொருள். அப்போது மலைச்சரிவே நமக்கு உதவும். பம்பைக் கழற்றி, தொட்டியின் தொடர்பைத் துண்டித்து, மேல் முனையைக் காற்றுப் போகும்படி திறந்துவிட்டு ஓர் இரவு காத்திருங்கள். தண்ணீர் கசிவு உள்ள மட்டம் வரை வடிந்து அங்கே நின்றுவிடும். காலையில் அடி மானி 2.1 கிலோவில் அசையாமல் நின்றால், கசிவு மானியிலிருந்து 21 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டியூப் லெவலால் அந்த உயரத்தைப் பிடித்து அங்கே தோண்டினால் போதும், 300 மீட்டரையும் கிளற வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போன்ற கசிவுக்கு இது ஓர் இரவில் பலன் தரும். சொட்டுக் கசிவுக்கு நாட்கள் ஆகும் என்பதால் அதை இம்முறையில் தேட முடியாது. ஈரமான மண்ணைத்தான் பார்த்துப் போக வேண்டும்.

பழுது பார்த்த இணைப்புக்கும் இரண்டு நாள் கொடுத்து, முழுச் சோதனையையும் மறுபடி செய்யவும். தேறியதும் அழுத்தத்தை மெதுவாக விட்டு, முதலில் மேல் முனையைத் திறந்து, பிறகே அடி வால்வைத் திறக்க வேண்டும். மேலே அடைத்திருக்க அடியில் வடித்தால் குழாய் உள்ளே இழுபட்டு நசுங்கக்கூடும். அதன் பின் இணைப்புகளின் மேல் கல் இல்லாத சலித்த மண்ணை முதலில் இட்டு, மிதித்து, பள்ளத்தை மூடலாம்.