ஹீலிக்ஸா, ஷீட்டா? பிணைப்பை எண்ணிப் பாருங்க

"ஆல்ஃபா ஹீலிக்ஸை ஹைட்ரஜன் பிணைப்பு தாங்குது"ன்னு மட்டும் எழுதினா பதில் பாதியிலேயே நிக்கும். எது எதோட பிணையுதுன்னு சொல்லணும். பலர் பக்கச் சங்கிலிகளை இழுத்து விடுவாங்க. அது தப்பு. பிணையறது பேக்போனில் இருக்கிற C=O-வும் N–H-உம்தான்.

ஹீலிக்ஸில் ஒரு அமினோ அமிலத்தோட C=O, நாலு தள்ளி இருக்கிறதோட N–H-ஐப் பிடிக்கும். 12 அமினோ அமிலம் உள்ள ஒரு ஹீலிக்ஸை எடுத்துக்கோங்க. 1 போய் 5-ஐப் பிடிக்கும், 2 போய் 6-ஐ, கடைசியா 8 போய் 12-ஐ. ஆக மொத்தம் 8 பிணைப்பு, 12 இல்லை. முதல் நாலு N–H-க்கும் கடைசி நாலு C=O-வுக்கும் ஹீலிக்ஸுக்குள்ள ஜோடி கிடையாது.

புரோலின் கேள்விக்கும் இதுலேயே பதில் இருக்கு. சங்கிலியில் சேர்ந்த புரோலினோட நைட்ரஜனில் ஹைட்ரஜன் இல்லை. அது 7-வது இடத்தில் வந்தா 3-ன் C=O தனியா நிக்கும். புரோலின் வளையமும் முந்தைய சுற்றோட இடிக்கும், அதனால ஹீலிக்ஸ் வளையும். முதல் இடத்தில் வந்தா தொல்லை இல்லை, ஏன்னா அங்கே அந்த N–H-க்கு வேலையே இல்லை.

பீட்டா ஷீட்டில் 'நாலு தள்ளி' கணக்கு செல்லாது. பிணைப்பு பக்கத்து இழையோட நடக்குது. அந்த இழை சங்கிலியில் ரொம்ப தூரத்திலிருந்தும் வரலாம். இழைகள் எதிரெதிர் திசையில் ஓடினா, ஒரு அமினோ அமிலத்தோட C=O, N–H ரெண்டும் எதிர் இழையில் ஒரே அமினோ அமிலத்தைப் பிடிக்கும்; பிணைப்பு கிட்டத்தட்ட நேரா இருக்கும். ஒரே திசையில் ஓடினா, ரெண்டு வெவ்வேறு அமினோ அமிலத்தைப் பிடிக்கும், கோடுகள் சாயும். படம் போடும்போது முதலில் அம்புக்குறியைப் போடுங்க, அப்புறம் பிணைப்பு.