பத்துப் பேருக்குத் தேங்காய் ரொட்டி

கேள்வி: நாலு பேருக்கான ரொட்டிக்கு 2 கப் கோதுமை மா, 1 கப் தேங்காய்ப்பூ, 2/3 கப் தண்ணீர். பத்துப் பேருக்கு எவ்வளவு? எங்கள் லயத்து வீட்டில் 1 கப் அளவு மட்டுமே உண்டு.
- வாசகி, பலாங்கொடை

பதில்: பத்தை நாலால் வகுத்தால் இரண்டரை. எல்லாவற்றையும் அதால் பெருக்குங்கள்: மா 5 கப், தேங்காய்ப்பூ இரண்டரை கப். தண்ணீரில் கப்பை மறந்து, மூன்றிலொரு பங்குகளாக எண்ணுங்கள். 2 பங்கு இரண்டரை மடங்கானால் 5 பங்கு. அதாவது 1 கப்பும் இன்னொரு 2/3 கப்பும். ஒரு கப் 16 மேசைக்கரண்டி என்பதால், அந்த 2/3 கப்புக்கு 10 மேசைக்கரண்டியும் 2 தேக்கரண்டியும் ஊற்றுங்கள்.

ஆனால் முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். பச்சைத் தேங்காயின் ஈரம் காய்க்குக் காய் மாறும். மா கூடும்போது அந்த வித்தியாசமும் பெருகும். கால்வாசியை நிறுத்திவைத்து, மா கையில் ஒட்டாமல் திரளும்வரை தெளித்துப் பிசையுங்கள். ரொட்டியின் தடிப்பு மாறாவிட்டால், ஒவ்வொன்றும் கல்லில் வேகும் நேரமும் மாறாது.