1,80,000 எப்படி 1,48,500 ஆனது?

கேள்வி: ஆஃபர் லெட்டரில் எனக்கு ஆண்டு வேரியபிள் பே 1,80,000 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். இந்த வருடம் நல்ல ரேட்டிங், மல்டிப்ளையர் 1.1. கம்பெனியும் லாப இலக்கில் 95 சதவீதத்தை எட்டிவிட்டது என்று கூட்டத்தில் அறிவித்தார்கள். நான் 1,88,100 வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வந்ததோ, வரி பிடிப்பதற்கு முன்பே 1,48,500. இந்தக் கணக்கை யார் கண்டுபிடித்தார்கள்?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: முதலில் உங்கள் பணத்தைப் பார்ப்போம், பூர்வீகம் பிறகு. நீங்கள் 95 சதவீதத்தை 0.95 என்று எடுத்துப் பெருக்கியிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இலக்கில் எவ்வளவு எட்டினோம் என்பது ஒரு எண், அதற்கு எவ்வளவு தருவோம் என்பது வேறொரு எண். இரண்டுக்கும் நடுவில் ஓர் அட்டவணை இருக்கும், அது பாலிசி ஆவணத்தின் பின்பக்கங்களில் கிடக்கும்.

வழக்கமான அட்டவணை ஒன்று இப்படிப் போகும்: இலக்கை முழுதாக எட்டினால் 100 சதவீதம் கிடைக்கும். அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து புள்ளி வெட்டு. 90-ல் வந்து நின்றால் பாதி. 90-க்கும் கீழே போனால் பூஜ்யம். மேலே போனாலும் அதே வேகத்தில் ஏறி, 110-ல் 150 சதவீதத்தோடு நின்றுவிடும். உங்கள் கம்பெனி 500 கோடி லாபத்துக்குக் குறிவைத்து 475 கோடி சம்பாதித்திருந்தால் எட்டியது 95, தருவது 75. ஆகவே 1,80,000 × 1.1 × 0.75 = 1,48,500. நீங்கள் சொன்ன தொகையோடு பைசா பிசகாமல் பொருந்துகிறது, அதனால் உங்கள் அட்டவணையும் இதே சாய்வில்தான் இருக்க வேண்டும். மேடையில் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொன்னார்கள்.

ஏன் இவ்வளவு செங்குத்தான சாய்வு என்றால், லாப இலக்கில் பத்து சதவீதம் தவறுவது சின்ன விஷயமில்லை என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். இதில் ஒரு கோளாறும் உண்டு. 89-ல் நிற்கும் நிர்வாகத்துக்கு மார்ச் கடைசி வாரத்தில் எப்படியாவது 90-ஐத் தொட்டுவிட வேண்டும் என்று கை பரபரக்கும். ஏப்ரலில் போக வேண்டிய சரக்கை முன்கூட்டியே விநியோகஸ்தர் தலையில் கட்டி பில் போடுவது அப்படி வருவதுதான். அடுத்த காலாண்டில் விற்பனை திடீரென்று படுத்தால் புரிந்துகொள்ளலாம்.

இனி பூர்வீகம். இந்தக் கணக்கில் கம்பெனியின் எண்ணும் ஆளின் எண்ணும் சேர்ந்து வருவதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1918-க்கு முன் அங்கே சில பிரிவுத் தலைவர்களுக்கு, தங்கள் பிரிவின் லாபத்தில் இத்தனை பங்கு என்று ஒப்பந்தம் இருந்தது. மொத்தக் கம்பெனி என்ன சம்பாதித்தது என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. ஒவ்வொருவரும் தன் பிரிவு கொழுத்தால் போதும் என்றிருந்தார். 1918-ல் வந்த போனஸ் திட்டம் இதை மாற்றியது. மூலதனத்துக்கு ஒரு குறிப்பிட்ட வருமானத்தை ஒதுக்கிவிட்டு, மீதி லாபத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துப் பொது நிதியாக வைத்தார்கள். அதிலிருந்து யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் பங்களிப்பு முடிவு செய்தது. நீண்ட காலம் அந்தக் கம்பெனியை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன், 1964-ல் வெளியான தன் புத்தகத்தில், சிதறிக் கிடந்த பிரிவுகளை ஒன்றாக்கியதில் இந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்று எழுதியிருக்கிறார்.

அது பெரிய அதிகாரிகளுக்கான ஏற்பாடு. கம்பெனியின் லாபத்தை அவர்களால் நிஜமாகவே அசைக்க முடியும். அதே தர்க்கத்தை, டெஸ்டிங் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் வரைக்கும் இறக்கியதுதான் பிற்காலத்துக்காரர்கள் செய்தது. அது நியாயமா என்று என்னைக் கேட்டால், சம்பளத்தில் ஐந்து சதவீதம் என்றால் சரி, இருபது சதவீதம் என்றால் இல்லை.

கேள்வி: என் நண்பனுக்கும் இதே தொகை, இதே ரேட்டிங், அவன் கம்பெனியும் 75 சதவீதம்தான் தந்தது. அவனுக்கு மட்டும் 1,72,800 வந்திருக்கிறதே?
– அதே வாசகி

பதில்: அவர் கம்பெனி பெருக்காமல் கூட்டுகிறது. தனிநபருக்கு 60, கம்பெனிக்கு 40 என்று எடை வைத்திருந்தால், 1.1-ல் அறுபது சதவீதம் 0.66, 0.75-ல் நாற்பது சதவீதம் 0.30. கூட்டினால் 0.96. அதை 1,80,000-ஆல் பெருக்கினால் 1,72,800.

நல்ல வருடத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கம்பெனி அடிமட்டத்தைத் தொடாத வருடத்தில்தான் வலிக்கும். பெருக்கல் முறையில் ஒரு எண் பூஜ்யமானால் எல்லாமே பூஜ்யம், உங்கள் ரேட்டிங் என்னவாக இருந்தாலும் சரி. கூட்டல் முறையில் உங்கள் நண்பருக்கு அப்போதும் 1,18,800 கிடைக்கும். வேலை மாறும்போது பேரம் பேச வேண்டிய இடம் இது. தொகை எவ்வளவு என்று கேட்பவர்கள் அநேகம், பெருக்கலா கூட்டலா என்று கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: மேனேஜர் எனக்கு 1.2 போட்டதாகச் சொன்னார், கடிதத்தில் 1.0 என்று வந்தது. ரேட்டிங் என்ற வழக்கமே எங்கிருந்து வந்தது சார்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஆட்களை ஒரு அளவுகோலில் நிறுத்திப் பார்ப்பதைப் பெரிய அளவில் செய்தது முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம். வால்டர் டில் ஸ்காட் என்ற உளவியலாளர் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு முறையை வகுத்தார். மதிப்பெண் போடுகிறவர், உதாரணத்துக்குத் தலைமைக் குணம் என்று எடுத்துக்கொண்டால், தனக்குத் தெரிந்தவர்களிலேயே மிகச் சிறந்தவர், நடுத்தரம், மோசமானவர் என்று நிஜ மனிதர்களின் பெயரை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு புதியவரை அவர்களோடு ஒப்பிட்டு எண் போட வேண்டும். போர் முடிந்ததும் இந்தப் பழக்கம் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

உங்கள் 1.2 கரைந்ததற்குக் காரணம் வேறு. பத்துப் பேர் உள்ள அணி, ஆளுக்கு 1,80,000 என்றால் பட்ஜெட் 18 லட்சம். எல்லாருக்கும் 1.2 போட்டால் 21,60,000 ஆகிவிடும். ஆகவே மல்டிப்ளையர்களின் சராசரி ஒன்றைத் தாண்டக் கூடாது என்று மேலிருந்து கயிறு இருக்கும். ஒருவரை 1.2-க்கு ஏற்றினால் இன்னொருவரை 0.8-க்கு இறக்கியாக வேண்டும். மேனேஜர்கள் கூடி உட்கார்ந்து இதைச் சரிக்கட்டுவதற்கு நார்மலைசேஷன் என்று பெயர். உங்கள் மேனேஜர் அங்கே வாதாடித் தோற்றிருப்பார், அல்லது வாதாடவே இல்லை.

கேள்வி: தீபாவளி போனஸும் இதுவும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. அந்த போனஸின் கதை பம்பாய் பஞ்சாலைகளில் தொடங்குகிறது. 1917-ல் போர்க்கால விலைவாசிக்காகக் கொடுத்ததை, 1923-க்குத் தர முடியாது என்று ஆலை முதலாளிகள் சொன்னபோது, 1924-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல பத்தாண்டு வழக்குகளுக்குப் பிறகு 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. இன்றைய குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. சட்டத்தின் சம்பள வரம்புக்குள் வருகிறவர்களுக்குக் கம்பெனி நஷ்டப்பட்டாலும் அது உண்டு. வேரியபிள் பேக்கு அந்தக் காப்பு கிடையாது, அதைக் கம்பெனியின் பாலிசிதான் ஆள்கிறது. பெரும்பாலான பாலிசிகளில் பணம் போடும் தேதியன்று நீங்கள் வேலையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், நோட்டீஸ் காலத்தில் இருந்தாலே கிடையாது என்று சிலவற்றில் இருக்கும். ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.